சவ்வுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

ஒளிச்சேர்க்கை என்றதும் இலை நினைவுக்கு வருகிறது. ஆனால் வேலை நடப்பது இலையின் செல்களுக்குள் இருக்கும் பசுங்கணிகங்களில். சூரிய ஒளி பிடிபடுவது, நீர் பிளவுபடுவது, ஆக்சிஜன் வெளிவருவது, கரியமில வாயு சர்க்கரையின் முதல் வடிவத்துக்கு மாறுவது ஆகிய நான்கும் இந்த ஒரே நுண்ணுறுப்புக்குள் நடந்து முடிகின்றன. உயர்நிலைத் தாவரங்களில் பசுங்கணிகம் இருபுறமும் குவிந்த வில்லை வடிவத்தில் இருக்கும். நீளம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர், தடிமன் 2 அல்லது 3 மைக்ரோமீட்டர். நூறு பசுங்கணிகங்களை நீளவாக்கில் ஒட்டி வைத்தாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. இலையின் நடுத்திசுச் செல் ஒன்றில் இவை பத்துக்கணக்கிலோ நூற்றுக்கு மேலோ இருக்கலாம்.

இந்தச் சிறிய இடத்துக்குள் மூன்று சவ்வுகளும் மூன்று வெளிகளும் உள்ளன. வெளிப்புறத்தில் இரண்டு சவ்வுகளாலான உறை, அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி. உறைக்கு உள்ளே நிறைந்திருக்கும் புரதச் செறிவான திரவம் ஸ்ட்ரோமா. ஸ்ட்ரோமாவுக்குள் மிதப்பது மூன்றாவது சவ்வு. இது தட்டையான பைகளாக மூடிக்கொண்டு கிடக்கிறது. இந்தப் பைகளே தைலக்காய்டுகள். பைக்குள் இருக்கும் குறுகிய வெளியை லூமன் என்பார்கள். பல தைலக்காய்டுகள் அப்பளக் கட்டைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி அடுக்கப்பட்டிருக்கும் இடம் கிரானம், பன்மையில் கிரானா. அடுக்கில் சேராத நீண்ட தைலக்காய்டுகள் ஒரு கிரானத்திலிருந்து இன்னொன்றுக்கு ஸ்ட்ரோமா வழியாக ஓடுகின்றன. இவற்றுக்கு ஸ்ட்ரோமா லாமெல்லா என்று பெயர்.

பாடப்புத்தகப் படங்களில் ஒவ்வொரு தைலக்காய்டும் தனித்தனி வட்டாகத் தெரியும். அந்தத் தோற்றம் உண்மைக்கு ஒத்ததல்ல. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அடுத்தடுத்த மெல்லிய வெட்டுகளை எடுத்து முப்பரிமாணமாகச் சேர்த்துப் பார்த்தபோது, ஸ்ட்ரோமா லாமெல்லாக்கள் கிரானத்தைச் சுருளாகச் சுற்றி ஏறி, அதன் வட்டுகளோடு பல இடங்களில் இணைவது தெரியவந்தது. ஒரு பசுங்கணிகத்துக்குள் உள்ள லூமன்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று தொடர்புள்ள ஒரே வெளி. ஆகவே பசுங்கணிகத்தின் மையமான அமைப்பைச் சுருக்கமாகச் சொன்னால், பலமுறை மடிந்து அடுக்கான ஒரே பெரிய சவ்வு, அதற்கு உள்ளே லூமன், வெளியே ஸ்ட்ரோமா. இந்த இரண்டு வெளிகளும் ஏன் பிரிந்திருக்க வேண்டும், சவ்வு ஏன் சில இடங்களில் அடுக்காகவும் சில இடங்களில் தனியாகவும் இருக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

வேலை இரண்டு வெளிகளுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சோதனைக் குழாயிலேயே காட்டியவர்கள் உண்டு. 1937இல் பிரிட்டனில் ராபின் ஹில், இலையிலிருந்து பிரித்தெடுத்த பசுங்கணிகங்களுக்கு இரும்பு உப்பு ஒன்றைக் கொடுத்து ஒளியில் வைத்தார். கரியமில வாயு எதுவும் தரப்படவில்லை, சர்க்கரையும் உருவாகவில்லை. இருந்தும் ஆக்சிஜன் வெளிவந்தது. நீரைப் பிளக்கும் வேலைக்குக் கரியமில வாயு தேவையில்லை, எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்பது அதிலிருந்து தெரிந்தது.

கலிஃபோர்னியாவில் டேனியல் ஆர்னனின் ஆய்வுக்கூடம் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுசென்றது. பசுங்கணிகத்தை நீர்த்த கரைசலில் போட்டால் நீர் உள்ளே புகுந்து உறை வெடித்துவிடும். ஸ்ட்ரோமா கரைசலில் கலந்துவிடும். தைலக்காய்டுகள் பச்சை வண்டலாக மிஞ்சும். மையவிலக்கியில் சுழற்றினால் பச்சை அடியில் படிந்து, மேலே நிறமற்ற தெளிவு நிற்கும். 1958இல் டிரெப்ஸ்ட், சுஜிமோட்டோ, ஆர்னன் மூவரும் கரியமில வாயு இல்லாத நிலையில் முதலில் ஒளியைக் காட்டி, ஆற்றல் ஏந்தும் ஏ.டி.பி.யையும், எலக்ட்ரான் ஏந்தும் என்.ஏ.டி.பி.எச்.சையும் சேரவிட்டார்கள். பிறகு பச்சைப் பகுதி முழுவதையும் நீக்கினார்கள். மிஞ்சிய ஸ்ட்ரோமாச் சாற்றுக்கு இருட்டில், கதிரியக்கக் கார்பன் கொண்ட கரியமில வாயுவைக் கொடுத்தார்கள். பச்சையமும் இல்லை, ஒளியும் இல்லை. ஆனாலும் அந்தக் கார்பன் சர்க்கரைப் பாஸ்பேட்டுகளில் போய்ச் சேர்ந்தது. ஒளி தேவைப்படும் வேலை சவ்வில் நடக்கிறது, கார்பனைக் கட்டும் வேலை ஸ்ட்ரோமாவில் நடக்கிறது. இரண்டையும் இணைப்பவை ஏ.டி.பி.யும் என்.ஏ.டி.பி.எச்.சும்தான்.

முதலில் சவ்வைப் பார்க்கலாம். ஒளியை உறிஞ்சப் பச்சையம் மட்டும் போதும் என்று தோன்றும். இலையைக் கசக்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டினால் பச்சைக் கரைசல் கிடைக்கும். இருட்டறையில் அதன்மேல் வலுவான நீல ஒளியைப் பாய்ச்சிப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கரைசல் அடர்சிவப்பாக ஒளிரும். பச்சையம் ஒளியை வாங்கியது உண்மை. ஆனால் அதை ஒப்படைக்க ஆளில்லாததால் சிவப்பு ஒளியாகவும் வெப்பமாகவும் திருப்பி விட்டுவிட்டது. முழு இலையில் இந்த ஒளிர்வு கண்ணுக்கே தெரியாத அளவு, சில சதவிகிதத்துக்குள் அடங்கிவிடுகிறது. இந்த வேறுபாட்டை உண்டாக்குவது தைலக்காய்டு சவ்வு. அதில் ஒவ்வொரு பச்சைய மூலக்கூறும் ஒரு புரதத்தால் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட கோணத்தில் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது. ஒன்று வாங்கிய ஆற்றல் அடுத்ததற்கும், அதிலிருந்து அடுத்ததற்கும் தாவி, கடைசியில் வினைமையத்தை அடைகிறது. அங்கே ஓர் எலக்ட்ரான் வெளியேற்றப்படுகிறது.

இத்தனை பச்சையம் ஒரே வினைமையத்துக்கு எதற்கு? நல்ல வெயிலில்கூட ஒரு தனிப் பச்சைய மூலக்கூறு நொடிக்குச் சில ஒளித்துகள்களையே பிடிக்கிறது. வினைமையமோ நொடிக்கு நூற்றுக்கணக்கில் கையாளக்கூடியது. ஒவ்வொரு பச்சையத்துக்கும் ஒரு வினைமையம் வைத்தால் விலையுயர்ந்த புரதங்கள் பெரும்பாலான நேரம் சும்மாவே இருக்கும். ஆகவே ஏறத்தாழ 200, 300 பச்சையங்கள் ஒரு மையத்துக்கு ஒளி சேகரித்துத் தருகின்றன. இவ்வளவையும் தாங்கப் பரப்பு வேண்டும். சிறிய பசுங்கணிகத்துக்குள் பெரிய பரப்பை அடக்கச் சவ்வை மடித்து அடுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. கிரானா இருப்பதற்கு முதல் காரணம் இது. ஆனால் முழுக் காரணம் இதுவல்ல.

சவ்வின் அடுத்த தகுதி, அது ஓட்டை இல்லாமல் மூடிய பையாக இருப்பது. நீரைப் பிளக்கும் ஒளித்தொகுதி 2, அந்த வேலையை லூமன் பக்கத்தில் செய்கிறது. ஆகவே நீரிலிருந்து வரும் புரோட்டான்கள் லூமனுக்குள்ளேயே விழுகின்றன. வெளியேறிய எலக்ட்ரானைப் பிளாஸ்டோகுயினோன் என்னும் சிறு மூலக்கூறு, ஸ்ட்ரோமா பக்கத்திலிருந்து புரோட்டான்களையும் எடுத்துக்கொண்டு, சவ்வுக்குள்ளேயே நகர்ந்து சைட்டோகுரோம் தொகுதியிடம் கொண்டுசேர்க்கிறது. அங்கே எலக்ட்ரான் மேலே செல்ல, புரோட்டான்கள் லூமனுக்குள் இறங்குகின்றன. இப்படி ஒளி இருக்கும்வரை லூமன் புளித்துக்கொண்டே போகிறது. வெயிலில் லூமனின் பி.எச். 6க்குச் சற்றுக் கீழே இறங்குகிறது, ஸ்ட்ரோமாவுடையது 8 வரை ஏறுகிறது. இடையில் நூறு மடங்குக்கு மேற்பட்ட புரோட்டான் வேறுபாடு. உள்ளே குவிந்த புரோட்டான்கள் வெளியே போக ஒரே வசதியான வழி, சவ்வில் பதிந்திருக்கும் ஏ.டி.பி. சிந்தேஸ் என்னும் நொதி. புரோட்டான்கள் அதன் வழியே பாயும்போது அதன் உட்பகுதி உண்மையிலேயே சுழல்கிறது, அந்தச் சுழற்சியில் ஏ.டி.பி. உருவாகிறது.

லூமன் ஏன் இவ்வளவு குறுகலாக இருக்கிறது என்பது ஒரு சிறு கணக்கில் விளங்கும். ஒரு வட்டின் விட்டம் 400 நானோமீட்டர், உள்வெளியின் உயரம் 10 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு ஏறக்குறைய 12 லட்சத்து 50 ஆயிரம் கன நானோமீட்டர். பி.எச். 6 உள்ள நீரில் இந்தக் கொள்ளளவுக்குள் தனித்துத் திரியும் புரோட்டான்களின் எண்ணிக்கை சராசரியாக முக்கால்! முழுதாக ஒன்றுகூட இல்லை. லூமனுக்குள் விழும் புரோட்டான்களில் மிகப் பெரும்பாலானவை அங்குள்ள புரதங்களின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. எவ்வளவு ஒட்டியிருக்கின்றன என்பதற்கு ஏற்ப பி.எச். மாறுகிறது. வெளி இவ்வளவு சிறியதாக இருப்பதால் கொஞ்சம் புரோட்டான்களே அதைப் புளிக்க வைத்துவிடுகின்றன. ஒளி விழுந்த சில நொடிகளில் வேறுபாடு உருவாகிவிடுகிறது. இதே புரோட்டான்களைப் பெரிய ஸ்ட்ரோமாவில் கொட்டினால் இந்த அளவு மாற்றம் தெரியாது.

இந்த வேறுபாடுதான் ஏ.டி.பி.யை உண்டாக்குகிறது என்று பீட்டர் மிட்செல் 1961இல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. ஏற்க வைத்த சோதனைகளில் மிக அழகானது 1966இல் ஆண்ட்ரே ஜேகண்டார்ஃபும் எர்னஸ்ட் உரிபேயும் ஸ்பினாச் கீரையின் தைலக்காய்டுகளைக் கொண்டு செய்தது. அவர்கள் இருட்டில் தைலக்காய்டுகளைச் சக்சினிக் அமிலம் கலந்த, பி.எச். 4 உள்ள கரைசலில் சிறிது நேரம் வைத்தார்கள். அமிலம் மெல்லச் சவ்வைத் தாண்டி உள்ளே போய் லூமனைப் புளிக்க வைத்தது. பிறகு ஏ.டி.பி.யும் பாஸ்பேட்டும் கலந்த பி.எச். 8 கரைசலுக்கு அவற்றைச் சட்டென்று மாற்றினார்கள். அங்கே இருந்த ஏ.டி.பி. என்பது பாஸ்பேட் ஒன்று குறைந்த வடிவமான ஏ.டி.பி. முன்னோடி, அதாவது அடினோசின் டைபாஸ்பேட். உள்ளே 4, வெளியே 8. ஒளியே படாத நிலையில், அந்த முன்னோடியோடு பாஸ்பேட் சேர்ந்து ஏ.டி.பி. உருவானது. சக்சினிக் அமிலத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. மேலே பார்த்த கணக்கின்படி லூமனில் தனித்த புரோட்டான்கள் மிகச் சொற்பம். உள்ளே புகுந்த அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரோட்டான்களை விட்டுக்கொடுத்ததால்தான் அளக்கக்கூடிய அளவு ஏ.டி.பி. கிடைத்தது. மிட்செலுக்கு 1978இல் நோபல் பரிசு கிடைத்தது.

பை கிழிந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. தைலக்காய்டுகளுடன் அம்மோனியம் உப்பைச் சேர்த்தால் அம்மோனியா உள்ளே நுழைந்து புரோட்டான்களைப் பிடித்துக்கொள்கிறது, வேறுபாடு அழிகிறது. அப்போது எலக்ட்ரான் ஓட்டம் நிற்பதில்லை. ஆக்சிஜன் முன்னைவிட வேகமாகவே வெளிவருகிறது. ஏ.டி.பி. மட்டும் உருவாவதில்லை. ஆக்சிஜன் வருகிறது என்பதை மட்டும் வைத்துப் பசுங்கணிகம் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

இனி அடுக்கு. தைலக்காய்டு சவ்வு எங்கும் ஒரே மாதிரி இல்லை என்பதை 1980இல் பெர்ட்டில் ஆண்டர்சனும் ஜேன் ஆண்டர்சனும் ஸ்பினாச் பசுங்கணிகங்களில் காட்டினார்கள். அடுக்கின் உட்பகுதிச் சவ்வுகளை வேறாகவும் ஸ்ட்ரோமா லாமெல்லாக்களை வேறாகவும் பிரித்து ஆராய்ந்ததில், ஒளித்தொகுதி 2 பெரும்பாலும் கிரானாவின் உள்ளேயும், ஒளித்தொகுதி 1, ஏ.டி.பி. சிந்தேஸ் ஆகியவை ஸ்ட்ரோமாவைத் தொட்டுக்கொண்டிருக்கும் சவ்வுகளிலும், அதாவது லாமெல்லாக்களிலும் அடுக்கின் மேல், கீழ் முகங்களிலும் ஓரங்களிலும் இருப்பது தெரிந்தது.

இதற்கு எளிய காரணம் இடம். கிரானத்தில் அடுத்தடுத்த இரண்டு தைலக்காய்டுகளுக்கு நடுவே இருக்கும் ஸ்ட்ரோமா இடைவெளி 3.5 நானோமீட்டர் அளவுதான். ஏ.டி.பி. சிந்தேஸின் தலைப்பகுதி சவ்விலிருந்து ஸ்ட்ரோமாவுக்குள் 10 நானோமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். ஒளித்தொகுதி 1இலும் ஸ்ட்ரோமா பக்கம் துருத்தும் புரதங்கள் உண்டு. அவை அந்த இடுக்கில் நுழைய முடியாது. ஒளித்தொகுதி 2 ஸ்ட்ரோமா பக்கம் தட்டையானது, லூமன் பக்கம்தான் அதன் பெரிய புடைப்பு இருக்கிறது. ஆகவே அது அடுக்குக்குள் நன்றாகப் பொருந்துகிறது.

இந்தப் பிரிவினை வேலைக்கும் ஏற்றது. ஒளித்தொகுதி 2 ஆற்றலை மெதுவாகப் பயன்படுத்துவது, 1 வேகமாகப் பிடித்துக்கொள்வது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் 2க்கு வர வேண்டிய ஆற்றலையும் 1 இழுத்துக்கொள்ளும். பிரித்து வைத்ததால் அந்த இழப்பு குறைகிறது. மேலும் ஒளித்தொகுதி 1இன் முடிவில் கிடைக்கும் எலக்ட்ரான் என்.ஏ.டி.பி.எச். ஆக வேண்டும், ஏ.டி.பி.யும் கார்பன் கட்டும் நொதிகளுக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டுக்கும் பயனாளிகள் ஸ்ட்ரோமாவில் இருக்கிறார்கள். இரண்டும் உருவாகும் இடமும் ஸ்ட்ரோமாவை ஒட்டியே இருக்கிறது. நீருக்கும் ஆக்சிஜனுக்கும் அந்த நெருக்கம் தேவையில்லை, அவை சிறியவை, எங்கிருந்தும் எளிதில் ஊடுருவும்.

அடுக்கைப் பிடித்துவைப்பது எது என்பதும் கண்டறியப்பட்டிருக்கிறது. சவ்வின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை அதிகம், ஆகவே இரண்டு சவ்வுகள் இயல்பாக ஒன்றையொன்று தள்ளும். ஸ்ட்ரோமாவில் உள்ள மக்னீசியம் அயனிகள் அந்தச் சுமையை மறைத்து நெருங்க விடுகின்றன. 1966இல் இசாவாவும் குட்டும் தைலக்காய்டுகளை உப்புக் குறைந்த கரைசலில் வைத்தபோது கிரானா பிரிந்து தனித்தனிச் சவ்வுகளாகின. மக்னீசியத்தைச் சேர்த்ததும் மீண்டும் அடுக்குகள் உருவாகின.

அடுக்கினால் ஒரு சங்கடமும் உண்டு. ஒளித்தொகுதி 2இன் மையத்தில் இருக்கும் டி1 என்னும் புரதம், தான் செய்யும் கடும் வேலையாலேயே அடிக்கடி சிதைகிறது. வெயில் ஏற ஏறச் சிதைவும் ஏறும். சிதைந்ததை வெட்டி நீக்கிப் புதிய டி1ஐப் பொருத்த வேண்டும். புதிய புரதத்தை உருவாக்கும் ரைபோசோமின் விட்டம் 20 நானோமீட்டரை ஒட்டியது. 3.5 நானோமீட்டர் இடுக்கில் அது நுழையவே முடியாது. அதனால் பழுதான ஒளித்தொகுதி அடுக்கிலிருந்து விடுபட்டு, சவ்வு வழியே நகர்ந்து, ஸ்ட்ரோமா லாமெல்லாவுக்கு வந்து பழுது நீங்கித் திரும்புகிறது. கடும் வெயிலில் கிரானாவின் ஓரங்கள் சற்றுத் தளர்ந்து இந்தப் போக்குவரத்துக்கு இடம் கொடுக்கின்றன. பழுது பார்க்கும் வேகத்தைச் சிதைவு மிஞ்சிவிட்டால் ஒளிச்சேர்க்கை குன்றுகிறது. நிழலில் வளர்த்த நாற்றைத் திடீரென்று உச்சிவெயிலில் வைத்தால் இலை வெளிறிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிழலுக்கும் வெயிலுக்கும் ஏற்றபடி அடுக்கே மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மழைக்காட்டின் தரையில் வளரும் அலோகேசியா, சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பசுங்கணிகத்தில் ஒரே கிரானத்தில் நூறு தைலக்காய்டுகள் வரை அடுக்கியிருக்கும். வெயிலில் வளரும் ஸ்பினாச் போன்ற செடியில் 10, 20தான் வழக்கம். காட்டுத் தரையில் ஒளி அரிது, அதைப் பிடிக்கும் பச்சையம் நிறைய வேண்டும், பழுது பார்க்கும் தேவையோ குறைவு. ஆகவே அங்கே பெரிய அடுக்கு கட்டுப்படியாகிறது.

ஸ்ட்ரோமாவுக்கு வந்தால் அங்கே ஆட்சி செய்வது ரூபிஸ்கோ. காற்றிலிருந்து வந்த கரியமில வாயுவை ஐந்து கார்பன் கொண்ட ஒரு சர்க்கரைப் பாஸ்பேட்டோடு இணைக்கும் நொதி இது. நொதிகளில் இது மிக மந்தமானது. ஒரு வினையிடம் நொடிக்கு மூன்று கரியமில வாயு மூலக்கூறுகளை ஒட்டியே கையாளும். வேகக் குறையை எண்ணிக்கையால் ஈடுகட்ட வேண்டும். பல இலைகளில் கரையும் புரதத்தில் பாதி வரை ரூபிஸ்கோவாகவே இருக்கிறது. ஸ்ட்ரோமா நீர்த்த கரைசலாக இல்லாமல் கெட்டியான புரதக் குழம்பாக இருப்பது இதனால்தான். ரூபிஸ்கோவும் அதைத் தொடரும் மற்ற நொதிகளும் ஒன்றுக்கொன்று அருகிலேயே இருக்கின்றன. ஒன்றின் விளைபொருள் அடுத்ததன் மூலப்பொருள் என்பதால், அவற்றைப் பிரிக்கும் சவ்வு எதுவும் இங்கே தேவையில்லை.

இந்தச் சுழற்சியைக் கால்வின் சுழற்சி என்பார்கள். பழைய பாடங்களில் இதற்கு இருள்வினை என்று பெயர். ஒளி நேரடியாகத் தேவையில்லை என்ற அளவில் அது சரி. ஆனால் உயிருள்ள இலையில் இது இருட்டில் நடப்பதில்லை. ஒளி விழுந்தவுடன் புரோட்டான்கள் லூமனுக்குப் போவதால் ஸ்ட்ரோமாவின் பி.எச். 7இலிருந்து 8ஐ நோக்கி ஏறுகிறது. அதை ஈடுகட்ட மக்னீசியம் லூமனிலிருந்து ஸ்ட்ரோமாவுக்கு வருகிறது. ரூபிஸ்கோ உட்பட முக்கியமான நொதிகள் பி.எச். 8ஐ ஒட்டி, மக்னீசியம் நிறைந்த சூழலில்தான் நன்றாக இயங்கும். இன்னும் சில நொதிகளை ஒளித்தொகுதி 1இலிருந்து வரும் எலக்ட்ரான்களே முடுக்கிவிடுகின்றன. பொழுது சாய்ந்ததும் இவை எல்லாம் பின்வாங்கி, சுழற்சி நிற்கிறது. சவ்வில் நடப்பது ஸ்ட்ரோமாவுக்கு ஆற்றலை மட்டும் தருவதில்லை, வேலை தொடங்கும் நேரத்தையும் அறிவிக்கிறது.

உருவான மூன்று கார்பன் சர்க்கரைப் பாஸ்பேட் வெளியேறுவது உறையின் உட்சவ்வு வழியாக. வெளிச்சவ்வில் சிறு மூலக்கூறுகள் தாராளமாகப் போய்வரலாம். உட்சவ்வு கண்டிப்பானது. அதில் உள்ள ஒரு கடத்திப் புரதம், ஒரு சர்க்கரைப் பாஸ்பேட்டை வெளியே விட்டால் ஒரு பாஸ்பேட்டை உள்ளே வாங்கும், அதற்குக் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. வெளியே சென்றது செல்லின் மற்ற பகுதியில் சுக்ரோஸாகி, செடியின் மற்ற உறுப்புகளுக்குப் போகிறது. அந்தப் பாஸ்பேட் திரும்பி வராவிட்டால் ஏ.டி.பி. உருவாக வழியில்லை. பிரித்தெடுத்த பசுங்கணிகங்களைப் பாஸ்பேட் இல்லாத கரைசலில் வைத்தால் சற்று நேரத்தில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும், சிறிது பாஸ்பேட் கலந்ததும் மீண்டும் தொடங்கும். வெளியே போக முடியாத சர்க்கரை ஸ்ட்ரோமாவிலேயே மாவுச்சத்து மணிகளாகச் சேர்கிறது. பகலில் சேர்ந்த இந்த மணிகள் இரவில் கரைந்து செடிக்கு உணவாகின்றன.

சவ்வும் ஸ்ட்ரோமாவும் கணக்கில் சரியாகப் பொருந்துகின்றனவா? ஒரு கரியமில வாயு மூலக்கூறைக் கட்ட 3 ஏ.டி.பி.யும் 2 என்.ஏ.டி.பி.எச்.சும் வேண்டும். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வெளிவரும்போது 4 எலக்ட்ரான்கள் இரண்டு ஒளித்தொகுதிகளையும் கடந்து 2 என்.ஏ.டி.பி.எச். தருகின்றன. அது சரியாக இருக்கிறது. அதே நேரத்தில் லூமனில் 12 புரோட்டான்கள் சேர்கின்றன. ஸ்பினாச்சின் ஏ.டி.பி. சிந்தேஸ் ஒருமுறை முழுதாகச் சுழல 14 புரோட்டான்கள் வேண்டும், அதில் 3 ஏ.டி.பி. கிடைக்கும். எனவே 12 புரோட்டானுக்கு 2.57 ஏ.டி.பி.தான். தேவைக்குச் சற்றுக் குறைவு. இந்தக் குறையை ஈடுகட்ட ஒளித்தொகுதி 1 மட்டும் தனித்து இயங்கும் ஒரு சுற்று இருக்கிறது. அதிலிருந்து வெளியேறிய எலக்ட்ரான் என்.ஏ.டி.பி.எச்.சுக்குப் போகாமல் சைட்டோகுரோம் தொகுதி வழியே மீண்டும் அதற்கே திரும்பி வரும். நீர் பிளவுபடாது, ஆக்சிஜன் வராது, புரோட்டான்கள் மட்டும் லூமனுக்குள் ஏறும், ஏ.டி.பி. கூடும். ஒளித்தொகுதி 1 தனியாக லாமெல்லாக்களில் குடியிருப்பது இந்தச் சுற்றுக்கு வசதியாக இருக்கிறது.

அமைப்பு வேலைக்கு ஏற்றது என்று சொல்வது எளிது. வேலை மாறும்போது அமைப்பும் மாறினால்தான் அந்தக் கூற்று நிற்கும். மக்காச்சோளத்திலும் கரும்பிலும் சோளத்திலும் இது நடந்திருக்கிறது. இந்தப் பயிர்களின் இலையில் இரண்டு வகைப் பசுங்கணிகங்கள் உண்டு. நடுத்திசுச் செல்களில் இருப்பவற்றில் கிரானா நன்றாக அமைந்திருக்கும். நரம்பைச் சூழ்ந்திருக்கும் கற்றை உறைச் செல்களில் இருப்பவற்றில் கிரானா ஏறக்குறைய இல்லை. நீண்ட லாமெல்லாக்கள் மட்டும் இணையாக ஓடும். ரூபிஸ்கோ இருப்பது இந்தச் செல்களில். ரூபிஸ்கோவுக்கு ஒரு குறை உண்டு, கரியமில வாயுவுக்குப் பதிலாகச் சில நேரம் ஆக்சிஜனைப் பிடித்துவிடும், அது செடிக்கு நட்டம். கிரானா இல்லாததால் ஒளித்தொகுதி 2 குறைவு, ஆக்சிஜன் உற்பத்தியும் குறைவு. ஒளித்தொகுதி 1இன் தனிச்சுற்று ஏ.டி.பி.யைத் தருகிறது. என்.ஏ.டி.பி.எச்.சில் ஒரு பகுதி, நடுத்திசுச் செல்லிலிருந்து வரும் மாலிக் அமிலம் கற்றை உறைப் பசுங்கணிகத்துக்குள் உடையும்போது கிடைக்கிறது.

கேழ்வரகும் இதே போலக் கரியமில வாயுவைக் கற்றை உறையில் செறித்து வைக்கும் பயிர்தான். ஆனால் அதில் அந்த அமிலம் உடைவது பசுங்கணிகத்தில் அல்ல, மைட்டோகாண்ட்ரியாவில். ஆகவே பசுங்கணிகத்துக்கு என்.ஏ.டி.பி.எச். வெளியிலிருந்து வருவதில்லை, தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும். கேழ்வரகின் கற்றை உறைப் பசுங்கணிகங்களில் கிரானா நன்கு வளர்ந்திருக்கின்றன.